ரேஸர் மட்டும் வேண்டாம் மச்சி: ரூம்மேட்டுக்கு ஒரு மெசேஜ் எழுதுவது எப்படி

கேம்பஸ் இன்டர்வியூ அன்று காலை ஆறரை மணிக்கு நான் குளிக்கக் கிளம்பியபோது என் ரேஸர் ஈரமாக இருந்தது. பிளேடுகளுக்கு நடுவே சோப்பு நுரையும் பொடி மயிரும் ஒட்டியிருந்தன. நான் ஷேவ் பண்ணி மூன்று நாளாகியிருந்தது. திரும்பிப் பார்த்தால், ரூம்மேட் கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருக்கிறான். தாடையில் ரத்தம் நிற்க ஒட்டிய செய்தித்தாள் துண்டு. "உன்னோடது செம ஷார்ப் மச்சி" என்றான்.

அன்று மாலையே ரூம் குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டினேன்: "இனிமே யாரும் என் திங்ஸைத் தொடாதீங்க." அதற்குப் பிறகு இரண்டு நாள் அறையில் பேச்சு இல்லை. எதுவுமே எடுக்காத மூன்றாவது ரூம்மேட்டுக்குத்தான் அதிக வருத்தம். தன் ஷாம்பு பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். ரேஸர் எடுத்தவனோ, "ஒரு ரேஸருக்கா இவ்வளவு?" என்றுதான் நினைத்திருக்கிறான். சொல்லவேண்டியது போய்ச் சேரவே இல்லை. ஒரு வாரம் கழித்து வேறு மாதிரி எழுதினேன், அது வேலை செய்தது. அந்த இரண்டாவது மெசேஜை எப்படி எழுதுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதல் படி: எச்சில் கணக்கை விடு, ரத்தக் கணக்கைப் பார்

நமக்கு எச்சில் என்றால் சிறுவயதிலிருந்தே ஒரு கூச்சம் உண்டு. தண்ணீர் பாட்டிலை வாய்படாமல் அண்ணாந்து குடிக்கிறோம். ஒருவர் கடித்த பண்டத்தை இன்னொருவர் எடுக்கமாட்டார். அதனால் டூத் பிரஷைப் பகிரக்கூடாது என்று யாருக்கும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ரேஸரில் எச்சில் இல்லை. துண்டில் இல்லை. நகவெட்டியில் இல்லை. ஆகவே அவையெல்லாம் 'சும்மா எடுக்கலாம்' பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ஹாஸ்டலில் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஷேவ் செய்யும்போது கண்ணுக்குத் தெரிந்து வெட்டுப்பட்டால்தான் ரத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் பிளேடு மயிரோடு சேர்த்து மேல்தோலையும் கொஞ்சம் சுரண்டுகிறது. ஷேவுக்குப் பிறகு லோஷன் போட்டால் சுரீர் என்று எரிகிறதே, அது அந்தச் சின்னச் சின்னக் கீறல்களால்தான். முகப்பரு இருந்தால் அதன் தலையும் போகும். இப்படி ஒருவர் தோலிலிருந்து வந்த கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பிளேடு இடுக்கில் தங்கி, அடுத்தவரின் புதுக்கீறலுக்குள் நேராக நுழைய வழி கிடைக்கிறது.

அப்படி நுழையக்கூடியவற்றில் முக்கியமானது ஹெபடைட்டிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். நேற்று ராத்திரி ஒருவர் போட்ட ரேஸர் இன்று காலைக்குள் பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு இந்த ஒரு தகவலே போதும். ஹெபடைட்டிஸ் சி வைரஸும் ரத்தத்தின் வழியாகப் பரவுவதுதான், அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. எச்ஐவி பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது காய்ந்தால் வேகமாகச் செயலிழந்துவிடும், ரேஸர் வழியாக வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே மெசேஜில் எய்ட்ஸ் என்ற சொல்லைப் போட்டுப் பயமுறுத்தாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் படிக்கிறவன் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, தன்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று மட்டுமே எடுத்துக்கொள்வான்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ஹெபடைட்டிஸ் பி இருக்கும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இராது. மஞ்சள் காமாலை வந்து கண் மஞ்சளானால்தான் தெரியும் என்பது நம் நினைப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. நல்ல திடகாத்திரமாகக் கபடி ஆடுகிற ஒருவனுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம். ஆகவே விதி பொருளுக்குத்தான் வேண்டும், ஆளுக்கு அல்ல. மெசேஜின் மொத்தத் தொனியும் இந்த ஒரு புரிதலிலிருந்து வரவேண்டும்.

டூத் பிரஷும் இதே கணக்குதான். ஈறு வீங்கியிருப்பவர்களுக்குப் பல் தேய்க்கும்போது ரத்தம் கசியும். துப்பும்போது இளஞ்சிவப்பாகத் தெரியும், சில சமயம் தெரியவும் தெரியாது. பிரஷ் இழைகளும் ஈறைக் கீறும். எச்சில் கூச்சத்தைத் தாண்டி அதில் ரத்தமும் இருக்கிறது என்பதுதான் சங்கதி. உதட்டோரம் கொப்புளமாக வரும் அக்கியும் எச்சில் வழியாகவே தொற்றும்.

இரண்டாம் படி: உங்கள் பக்கெட்டைக் கொட்டிப் பிரியுங்கள்

மெசேஜ் எழுதுமுன், குளிக்க எடுத்துப்போகும் பக்கெட்டில் உள்ளதைக் கட்டிலில் கொட்டிப் பாருங்கள். எதைக் கொடுப்பீர்கள், எதைக் கொடுக்கமாட்டீர்கள் என்பது முதலில் உங்களுக்கே தெளிவாக இருக்கவேண்டும். என்னுடைய முதல் மெசேஜ் தோற்றதற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'தொடாதே' என்று சொன்னது.

வெட்டுவது, கீறுவது, குத்துவது, வாய்க்குள் போவது எல்லாம் ஒரு பக்கம்: ரேஸர், பிளேடு, டூத் பிரஷ், நாக்கு வழிக்கும் டங்க் கிளீனர், நகவெட்டி, பரு கிள்ளும் ஊக்கு, காதுக் கம்மல், புருவம் பிடுங்கும் இடுக்கி. இவை யாருக்கும் இல்லை, எப்போதும் இல்லை.

டிரிம்மர்தான் ஹாஸ்டலில் பெரிய வாக்குவாதம், ஏனென்றால் அது விலை அதிகம், மூன்று பேரில் ஒருவரிடம்தான் இருக்கும். சீப்பு மாதிரியான மூடி போட்டுத் தலைமுடி வெட்டும்போது பிளேடு தோலில் படாது. மூடியைக் கழற்றி ஜீரோவில் தாடி எடுத்தால் தோல் கீறும். தாடையிலும் கழுத்திலும் பரு இருந்தால் நிச்சயம் கீறும். என் முடிவு: தாடிக்குக் கொடுப்பதில்லை. தலைக்கு என்றால், மூடியோடு மட்டும், பிளேடைக் கழற்றி மயிரை உதறிக் கழுவி ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு.

ரத்தம் இல்லாவிட்டாலும் தோல் வியாதியைக் கொண்டுபோகிறவை இரண்டாவது குவியல். துண்டு, உடம்பு தேய்க்கும் நார், சீப்பு, உள்ளாடை, ரோல்-ஆன், லிப் பாம், கண்மை. இதில் துண்டைத்தான் ரொம்ப அசட்டையாக எடுப்பார்கள். ஒருவருக்கு இடுப்பு மடிப்பில் படர்தாமரை இருந்தால் அதன் பூஞ்சைத் துணுக்குகள் ஈரத்துண்டில் தங்கி அடுத்தவருக்குப் போகும். கொடியில் மூன்று துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்தாலே சிக்கல்தான். வந்துவிட்டால், மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பூசாதீர்கள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், படை அகலமாகிக்கொண்டே போகும். சொறிச் சிரங்கு இன்னும் மோசம். முதல்முறை வருபவருக்கு அரிப்பு தொடங்கவே 2 முதல் 6 வாரம் ஆகும் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று தெரிவதற்குள் அறை முழுக்கப் பரவியிருக்கும்.

மற்றதெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். ஷாம்பு, பேஸ்ட், ஊற்றி எடுக்கும் தேங்காய் எண்ணெய், துவைக்கிற சோப்பு, டியூபில் வரும் கிரீம், ஸ்பிரே, பக்கெட், மக். பேஸ்ட் பிதுக்கும்போது டியூப் வாய் பிரஷில் உரசாமல் இருந்தால் போதும். டப்பாவில் விரல் விட்டு எடுக்கும் கிரீம் என்றால் உள்ளங்கையில் தட்டி எடுங்கள். மார்கழியில் எண்ணெய் உறைந்ததும் சீப்புக் காம்பை உள்ளே விட்டுத் தோண்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பாட்டிலை வெந்நீரில் வைத்தால் உருகிவிடும்.

குளியல் சோப்பு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் இதற்குத்தான் முதலில் சண்டை போடுவார்கள். 1988இல் ஒரு பரிசோதனையில் சோப்புக்கட்டிகளில் வேண்டுமென்றே பாக்டீரியாவை ஏற்றி, 16 பேரைக் கைகழுவச் சொன்னார்கள். கழுவிய கைகளில் அந்தக் கிருமி ஒட்டியிருக்கவில்லை. கைகழுவும் சோப்பைப் பகிர்வதில் பயப்பட ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். உடம்பெல்லாம் தேய்க்கும் சோப்பைத் தனியாக வைப்பது நல்லது, யாருக்காவது தோலில் படையோ புண்ணோ இருந்தால் கட்டாயம். ஆனால் சண்டை போடும் அளவுக்கு இல்லை. சோப்புக்கும் ரேஸருக்கும் ஒரே குரலில் கத்தினால் ரேஸரின் தீவிரம் யாருக்கும் புரியாது.

மூன்றாம் படி: மெசேஜை எழுதுங்கள்

ஒரு வாரம் கழித்து நான் அனுப்பியதை, பெயரை மட்டும் எடுத்துவிட்டு, அப்படியே தருகிறேன்.

> மச்சி, அன்னைக்கு குரூப்ல கத்துனதுக்கு சாரி. உன்கிட்ட தனியா சொல்லிருக்கணும்.
>
> விஷயம் ரேஸர் மட்டும்தான். ஷேவ் பண்றப்ப நமக்குத் தெரியாமலே ரத்தம் பிளேடுல ஒட்டிக்கும். அதுல ஹெபடைட்டிஸ் பி ஒரு வாரம் வரைக்கும் கூட உயிரோட இருக்குமாம். எனக்கு அது இருக்கா இல்லையானு எனக்கே தெரியாது, டெஸ்ட் பண்ணதில்ல. என்னால உனக்கு வந்துடக்கூடாது.
>
> சலூன்ல உக்காந்தா "புது பிளேடு போடுங்கண்ணே"னு சொல்றோம்ல, அதே ரூல்தான் ரூம்லயும். ரேஸர், பிரஷ், நகவெட்டி மூணும் அவங்கவங்களுது. துண்டும் தனித்தனியா வச்சுக்குவோம்.
>
> பேஸ்ட், ஷாம்பு, எண்ணெய், ஸ்பிரே எல்லாம் கேக்காமலே எடு. அவசரத்துக்கு ஒரு புது யூஸ் அண்ட் த்ரோ ரேஸரும் ஒரு புது பிரஷும் என் அலமாரி மேல்தட்டுல வச்சிருக்கேன், எடுத்துக்கோ. அப்புறம் வாங்கி வச்சிரு.

இதில் சில இடங்களை யோசித்துத்தான் எழுதினேன். "எனக்கு இருக்கா இல்லையானு எனக்கே தெரியாது" என்ற வரி சந்தேகத்தை என் பக்கம் திருப்பிக்கொள்கிறது. முதலில் "உனக்கு ஏதாவது இருக்கா?" என்றுதான் எழுதினேன், அழித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. 'இல்லை' என்பவனுக்கும் தெரிந்திருக்காது, இருப்பவன் அப்படிக் கேட்டால் சொல்லமாட்டான்.

சலூன் வரி முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டது. முடிதிருத்தும் அண்ணன் பாதி பிளேடைப் புதிதாக உடைத்துப் போடுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்க்காத ஆளே கிடையாது. அறிமுகமில்லாத சலூனில் இருக்கும் எச்சரிக்கை அறைக்குள் வந்ததும் எங்கே போகிறது என்று அவனே யோசித்துக்கொள்வான், நாம் விளக்க வேண்டாம்.

கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். அவன் ரேஸர் எடுத்தது திமிரினால் இல்லை, அன்று காலை அவனிடம் ரேஸர் இல்லை, ஹாஸ்டல் கடை திறக்கவில்லை. அந்த ஆறரை மணிக்கு ஒரு மாற்று இருந்தால்தான் விதி நிற்கும். ஒரு மலிவு ரேஸரும் பிரஷும் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட் விலைகூட ஆகாது. பிரஷ் கிடைக்காத நாளில் விரலில் பேஸ்ட் வைத்துத் தேய்த்து உப்புத்தண்ணீரில் கொப்பளித்தால் ஒரு நாள் ஓடிவிடும்.

சீனியரோடு அறையில் இருந்தால் மச்சி வேலைக்காகாது. "அண்ணா, ஒரு சின்ன ரெக்வெஸ்ட்" என்று தொடங்கி, சலூன் வரிக்குப் பதில் "எங்க வீட்லயும் அப்பாவும் நானும் தனித்தனி ரேஸர்தான்ணா, அப்படியே பழகிட்டேன்" என்று போடுங்கள். பழக்கம் என்றால் அவர் மேல் குறை சொன்னதாகாது. பெண்கள் விடுதியில் இதே மெசேஜ் கை, கால் ஷேவ் செய்யும் ரேஸருக்கும் கண்மைக்கும் பொருந்தும். "அக்கா, எனக்கு கண்ணு அடிக்கடி சிவக்கும், என் மையை நீங்க போட்டுக்க வேணாம்" என்ற ஒரு வரி போதும்; மெட்ராஸ் ஐ சீசனில் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

நான்காம் படி: எப்போது, எங்கே

தனி சாட்டில் அனுப்புங்கள், குரூப்பில் வேண்டாம். குரூப்பில் போட்டால் எடுத்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அல்லது எடுக்காதவனும் தன்னைச் சொல்வதாக நினைப்பான். சம்பவம் நடந்த காலையில் வேண்டாம். மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம் நல்லது. வாய்ஸ் நோட் கூடாது, அறையில் ஸ்பீக்கரில் ஓடும். கூடவே ரத்தப்படமோ, நோய் பற்றிய லிங்க்கோ ஒட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: வரும் பதில்கள்

"ஒரே தட்டுல சாப்பிடுறோம், இதுல என்னடா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். இதற்கு உண்மையான பதில் இருக்கிறது: தட்டு வழியாக ஹெபடைட்டிஸ் பி பரவாது. கூடச் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே குளியலறை, ஒரே பக்கெட் எதுவும் பிரச்சினை இல்லை. "தட்டு ஓகே மச்சி, பிளேடு மட்டும்தான் ஓகே இல்ல" என்று எழுதினால் முடிந்தது.

"கழுவிட்டுத்தான் வச்சேன்", "டெட்டால் ஊத்திட்டேன்" என்றும் வரும். இன்றைய ரேஸர் கார்ட்ரிட்ஜில் இரண்டு முதல் ஐந்து பிளேடு வரை நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த இடுக்கில் சிக்கிய மயிரும் தோலும் குழாய்த்தண்ணீருக்கு முழுசாக வராது; அழுக்கு மூடியிருக்கும் இடத்தில் டெட்டாலும் ஸ்பிரிட்டும் உள்ளே எட்டாது. பிளேடு மாற்றும் பழைய ஸ்டீல் ரேஸர் என்றால் "என் பிளேடைப் போட்டுக்கிறேன்" என்பார்கள். ஆபத்து குறைவுதான், ஆனாலும் பிளேடை அழுத்திப் பிடிக்கும் மேல்தட்டில் ரத்தம் தங்கும். வேண்டாம்.

எப்போதாவது, "மச்சி, எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றே ஒருவன் பதில் போடலாம். அங்கே உங்கள் அடுத்த வரி முக்கியம். அறை மாற்றிக் கேட்கவோ தட்டைத் தனியாக வைக்கவோ காரணமே இல்லை. "சொன்னதுக்கு தேங்க்ஸ்டா, நான் ஊசி போட்டுக்கிறேன்" என்று எழுதிவிட்டு, அந்தச் செய்தியை வேறு யாரிடமும் கொண்டுபோகாதீர்கள்.

பதிலே வராமல் இரண்டு நீல டிக் மட்டும் நின்றால் விட்டுவிடுங்கள். ரேஸரையும் பிரஷையும் பக்கெட்டிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வையுங்கள். ஆனால் பிரஷை மூடி போட்டு ஈரத்தோடு அடைக்காமல், நிமிர்த்தி வைத்துக் காற்றில் காயவிடுங்கள்.

ஏற்கெனவே ஒருவர் ரேஸரை இன்னொருவர் போட்டுவிட்டால்

எனக்கு நடந்ததில் நான் தப்பித்தேன், ஏனென்றால் அவனுக்குப் பிறகு நான் அதைப் போடவில்லை. கார்ட்ரிட்ஜைக் காகிதத்தில் சுற்றி எறிந்துவிட்டேன். கவலைப்பட வேண்டியவன் அவன், எனக்குப் பிறகு போட்டு வெட்டுப்பட்டவன் அவன்தான்.

வெட்டுப்பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவவேண்டும். பிதுக்கி ரத்தம் எடுக்கவேண்டாம். பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுசாகப் போட்டிருக்கிறதா? இந்தியாவில் 2002 வாக்கில் சில இடங்களில் தொடங்கி, நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைத்தது 2011க்குப் பிறகுதான். இன்று கல்லூரியில் இருக்கும் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள், எனவே "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று அம்மா சொல்வதை மட்டும் நம்பாமல் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

போடவில்லை அல்லது தெரியவில்லை என்றால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். தொற்று வாய்ப்புக்குப் பிறகு தடுப்பூசியை 24 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. ரேஸரின் சொந்தக்காரருக்கு வைரஸ் இருப்பது தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற கூடுதல் ஊசியையும் மருத்துவர் தரலாம், அதற்கு 7 நாள் தாண்டக்கூடாது. ரேஸர் யாருடையதோ அவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஊசி வழக்கமாக மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், செமஸ்டர் லீவில் வந்து விழும். போனில் இப்போதே ரிமைண்டர் வையுங்கள்.

நான் டெஸ்ட் பண்ணிக்கொண்டேன், இல்லை என்று வந்தது. ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அவன் மூன்று தவணை ஊசியும் போட்டுக்கொண்டான்.

கடைசியாக, அறைக்குள் ஒரு ஏற்பாடு

மெசேஜ் எல்லாம் சரியாகப் போனபின்னும் ஒரு தப்பு நடந்தது, யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பேஸ்ட் வாங்கினால் பிரஷ் இலவசம் என்ற ஆஃபரில் மூன்று பேருக்கும் ஒரே பச்சை நிறப் பிரஷ் வந்து, ஒரே மக்கில் நின்றது. தூக்கக் கலக்கத்தில் மாறிப்போயிற்று. இப்போது ஒவ்வொரு பிரஷின் காம்பிலும் ஒரு நூல் கட்டியிருக்கிறோம்: எனக்குச் சிவப்பு, அவனுக்குக் கறுப்பு, மூன்றாமவன் எதுவும் கட்டவில்லை, கட்டாததே அடையாளம். மக்கும் மூன்றாகிவிட்டது, இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க.

பொதுவில் வாங்குவதையும் பிரித்துக்கொண்டோம். பேஸ்ட் நான், ஷாம்பு மூன்றாமவன், எண்ணெயும் துவைக்கிற சோப்பும் ரேஸர் எடுத்தவன். என் அலமாரி மேல்தட்டில் வைத்த புது ரேஸரை அவன் இதுவரை இரண்டு தடவை எடுத்திருக்கிறான். ஒரு தடவை திருப்பி வாங்கி வைத்தான். இன்னொன்று இன்னும் பாக்கி.